எழுந்ததும் கண் இருட்டுவது ஏன்?

புதூர்க் கரிசலில் மிளகாய்க்குக் களையெடுக்கும் தாய்மார்கள், "குத்தவச்சு எந்திரிச்சா கண்ணைக் கட்டுது" என்பார்கள். இது பேய்க்கோளாறு அல்ல.

எழுந்தவுடன் அரை லிட்டர் இரத்தமாவது கால், வயிற்றுப் பக்கம் இறங்கிவிடும். கழுத்து இரத்தக் குழாயிலுள்ள நரம்பு முனைகள் அழுத்தம் குறைந்ததை மூளைக்குச் சொல்லும். உடனே இதயத்தை அடக்கும் நரம்பு தளரும். முடுக்கும் நரம்பு இரத்தக் குழாய்களை இறுக்கும். உட்கார்ந்தபோது 72 ஆக இருந்த நாடி 85 ஆகும். வேலை மும்முரத்தில் 100ஐத் தாண்டும். தூக்கத்தில் அடக்கும் நரம்பின் கை ஓங்கி 60க்கும் இறங்கும்.

வேர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த இறுக்கம் போதாது. கணவர் மணிக்கட்டைப் பிடித்து, உட்காரவைத்து ஒருமுறை, நின்று ஒரு நிமிடம் கழித்து மறுமுறை நாடியை எண்ணலாம். 30க்கு மேல் கூடினால் நிழலில் படுக்கவைத்து, உப்பிட்ட நீராகாரம் கொடுங்கள். நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவையுங்கள். மயங்கி விழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்து வாருங்கள்.