திம்பம் ஏறும் காருக்கு பேட்டரியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

சத்தியமங்கலத்தில் கார் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது "என்ன வண்டிங்க?" என்றுதான். வண்டிப் பெயரைச் சொன்னதும் ஒரு பேட்டரியை எடுத்து வைப்பார். நாம் வாரன்ட்டி எத்தனை மாதம், பழைய பேட்டரிக்கு எவ்வளவு கழிப்பீர்கள் என்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம். மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் சி.சி.ஏ. என்றும் ஆர்.சி. என்றும் இரண்டு எண்கள் இருந்தால் அவற்றையும் ஒரு நிமிடம் பாருங்கள். ஆர்.சி. எல்லா லேபிளிலும் இருக்காது. இல்லாவிட்டால் நிறுவனத்தின் விவரத் தாளில் இருக்கும், கேட்டு வாங்கலாம்.

1. இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில்

பவானிசாகர் அணைச் செய்தியைத் தினமும் படிக்கிறவர்களுக்கு இது சுலபம். மதகு வழியாக விநாடிக்கு எத்தனை கனஅடி வெளியேறுகிறது என்பது ஒன்று. அணையில் எத்தனை டி.எம்.சி. இருப்பு என்பது இன்னொன்று. சி.சி.ஏ. முதல் வகை: ஒரே மூச்சில் பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தள்ள முடியும் என்பதைச் சொல்கிறது. ஆர்.சி. இரண்டாம் வகை: இன்ஜின் ஓடாமல் எவ்வளவு நேரம் கொடுத்துக்கொண்டே இருக்க முடியும் என்பதைச் சொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. சிறிய பெட்ரோல் காரின் செல்ஃப் மோட்டார் சுமார் 150 ஆம்பியர் இழுத்து, 2 விநாடியில் இன்ஜினைக் கிளப்பிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தமாகப் பார்த்தால் பார்க்கிங் லைட் இரண்டரை நிமிடம் எரிய ஆகும் மின்சாரம்தான் அது. ஸ்டார்ட் செய்ய வேண்டியது வேகம், அளவு கொஞ்சம்தான். லைட் போட்டு நிற்கும்போது கதை தலைகீழ்.

2. சி.சி.ஏ. அளப்பது உறைபனியில்

முழுதாகச் சார்ஜ் ஏற்றிய புது பேட்டரியை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் வரை குளிரவைத்து, 30 விநாடி தொடர்ந்து மின்சாரம் இழுப்பார்கள். அந்த 30 விநாடியும் 12 வோல்ட் பேட்டரி 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்காமல் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் தருகிறதோ, அதுவே சி.சி.ஏ. இது எஸ்.ஏ.ஈ. என்ற அமெரிக்க முறை.

மைனஸ் 18 ஏன்? குளிரில் பேட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகிவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி, செல்ஃப் மோட்டார் கூடுதலாகத் திணறும். கனடாக்காரருக்கு அப்படிப்பட்ட குளிர்காலக் காலை நிஜமான சோதனை. தாளவாடியில் மார்கழி விடியலில் எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் அந்தக் குளிர் வராது. அதனால் லேபிளில் 300 என்று போட்டிருக்கும் பேட்டரி நம் ஊர் வெயிலில் 300-க்கு மேலேயே தரும்.

3. அப்படியானால் சி.சி.ஏ. நமக்கு வேண்டாமா?

வேண்டும், ஆனால் துரத்த வேண்டியதில்லை. கார் கையேட்டில் சொல்லியிருக்கும் அளவுக்குக் குறையக்கூடாது, அவ்வளவே. டீசல் வண்டிக்குக் கட்டாயம் கூடுதல் தேவை. டீசல் இன்ஜின் காற்றை மிக அதிகமாக அழுத்துவதால் அதைச் சுழற்றவே செல்ஃப் மோட்டார் பெட்ரோல் வண்டியைவிட நிறைய இழுக்கும்.

"அண்ணா, இதுல சி.சி.ஏ. ஜாஸ்திங்க, இதையே எடுத்துக்குங்க" என்று கடையில் சொன்னால், ஆர்.சி. எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். ஒரே அளவுப் பெட்டிக்குள் சி.சி.ஏ.வைக் கூட்ட ஒரு வழி, ஈயப் பிளேட்டுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவது. அமிலம் படும் பரப்பு அதிகமானால் வேகம் கிடைக்கும். ஆனால் மெல்லிய பிளேட் வெயிலில் சீக்கிரம் அரிக்கும், அடிக்கடி காலியாவதையும் தாங்காது. கொங்கு நாட்டு ஏப்ரல், மே மாதத்தில் பானெட்டுக்குள் கொதிக்கும் சூட்டில் இருக்கப் போகிற பேட்டரிக்கு இது நல்ல பேரம் இல்லை.

4. ஆர்.சி. என்பது நிமிடக் கணக்கு

இதை அளப்பது 25 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், கிட்டத்தட்ட நம் ஊர்ச் சூட்டில். முழு சார்ஜில் இருக்கும் பேட்டரியிலிருந்து 25 ஆம்பியர் விடாமல் இழுத்து, 10.5 வோல்ட்டுக்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்ப்பார்கள். 55 என்றால் 55 நிமிடம்.

25 ஆம்பியர் என்பது சும்மா எடுத்த எண் இல்லை. ராத்திரியில் ஆல்டர்னேட்டர் கெட்டுப்போனால், ஹெட்லைட், வைப்பர், இன்ஜின் இக்னிஷன் எல்லாவற்றையும் பேட்டரி மட்டுமே சுமந்து ஓட்டினால் ஏறக்குறைய ஆகும் செலவு அது.

5. பண்ணாரியில் நிற்கும்போது போடும் கணக்கு

2022 பிப்ரவரியில் நீதிமன்ற உத்தரவின்பேரில் திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடு வந்தது. விடியற்காலையில் போய்ச் சேர்ந்தால் பண்ணாரி செக்போஸ்ட்டில் காலை 6 மணிவரை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். மேலே போனாலும் நிம்மதி இல்லை. 27 கொண்டை ஊசி வளைவில் எங்காவது ஒரு லாரி திரும்ப முடியாமல் சிக்கிக்கொண்டால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபேன், பாட்டு, பார்க்கிங் லைட், நாலு பக்க இண்டிகேட்டர் எல்லாவற்றையும் போட்டு வைத்திருப்போம். எவ்வளவு நேரம் தாங்கும்?

சிறிய பெட்ரோல் கார், ஆர்.சி. 55 என்று எடுத்துக்கொள்வோம். சாதாரண பல்பு உள்ள வண்டியில் பார்க்கிங் லைட் சுமார் 2 ஆம்பியர். நாலு இண்டிகேட்டரும் விட்டுவிட்டு எரிவதால் சராசரி 3.5. ஃபேன் நடு வேகத்தில் 5, பாட்டு 1.5. கூட்டினால் 12 ஆம்பியர். 55-ஐ 25-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 115 நிமிடம் வரும். ஆனால் அது பேட்டரி முழுக்கக் காலியாகும் நேரம், அதற்கப்புறம் செல்ஃப் எடுக்காது. பாதியை ஸ்டார்ட்டுக்காக ஒதுக்கி வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் கையில் இருக்கிறது.

மூன்று வருஷம் வெயில் தின்ற பேட்டரியில் 70 சதவீதம்தான் மிச்சம் என்றால் அது 40 நிமிடமாகிவிடும். ஃபேனையும் பாட்டையும் நிறுத்தினால் செலவு 5.5 ஆம்பியருக்கு இறங்கி, புது பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். ஹெட்லைட்டை மறந்து எரியவிட்டால் ஹாலோஜன் பல்பு இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர் தனியாகத் தின்றுவிடும். புலிகள் காப்பகத்துக்குள், கரும்பு லாரி வாசனைக்கு யானை சாலைக்கே வரும் இடத்தில், இறங்கி வண்டி தள்ளும் நிலை வேண்டாம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடலாம். ஆனால் ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் குறைவாகத்தான் தரும், ஐந்து நிமிடத்தில் எல்லாம் திரும்பி ஏறிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

6. பேட்டரி சிவப்பு லைட் ஓடும்போது எரிந்தால்

சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது, இனி ஆர்.சி. கணக்கில்தான் வண்டி ஓடுகிறது. ஏசி, ஃபேன், பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்து, இன்ஜினை அணைக்காமல் ஆசனூரோ பண்ணாரியோ எது பக்கமோ அங்கே போய்விடுங்கள். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்று உறுதியில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு: டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால் அறுந்தது பெல்ட்டாக இருக்கலாம். பல வண்டிகளில் தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில்தான் ஓடுகிறது. அப்போது உடனே ஓரங்கட்டி நிறுத்திவிடுவதே நல்லது, பேட்டரியைவிட இன்ஜின் விலை ஜாஸ்தி.

7. எது கெட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.6 வோல்ட் காட்டினால் சார்ஜ் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12.6 காட்டியும் செல்ஃப் அடிக்கும்போது "டக் டக்" என்று மட்டும் சத்தம் வந்து உள்விளக்கு மங்கினால், முதலில் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுடுதண்ணீர் ஊற்றித் துலக்கி இறுக்கிப் பாருங்கள். பல பேட்டரிகள் அதிலேயே பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகும் அப்படியே என்றால் பெரும்பாலும் சி.சி.ஏ. போய்விட்டது. செல்ஃப் மோட்டார் கோளாறாகவும் இருக்கலாம், அதனால் டெஸ்ட் செய்யாமல் புதுசு வாங்காதீர்கள்.

காலையில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிற வண்டி, கல்யாண மண்டப வாசலில் இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு மக்கர் செய்தால் தேய்ந்திருப்பது ஆர்.சி. இதைத்தான் நாம் கவனிக்காமல் விடுவோம், ஏனென்றால் தினமும் ஸ்டார்ட் ஆகிக்கொண்டுதானே இருக்கிறது!

8. டெஸ்டரில் தட்டும் எண்ணைப் பாருங்கள்

கடையில் கையடக்க டெஸ்டர் வைத்துப் பார்ப்பார்கள். அதில் லேபிளில் உள்ள சி.சி.ஏ.வையும், அது எந்த முறைப்படி அளந்தது என்பதையும் கடைக்காரர் தட்ட வேண்டும். ஜெர்மன் டின் முறை இன்னும் கடுமையானது. அங்கே 30 விநாடி முடிவில் 9 வோல்ட் நிற்க வேண்டும், அதனால் எண் குறைவாக வரும். டின் முறையில் 300 உள்ள பேட்டரி எஸ்.ஏ.ஈ. முறையில் ஏறக்குறைய 500. டின் 300-ஐ எஸ்.ஏ.ஈ. 300 என்று தட்டிவிட்டால், 350-க்குத் தேய்ந்துபோன பேட்டரியைக் கூட மெஷின் "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடும். விலையும் எண்ணும் ஒப்பிட்டு வாங்கும்போதும் இதே வில்லங்கம்தான். இரண்டு பேட்டரியும் ஒரே முறையில் அளந்தவையா என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

38B20L என்று பெரிதாக அச்சடித்திருப்பது ஜப்பான் முறை மாடல் பெயர். 38 சி.சி.ஏ.யும் இல்லை, ஆம்பியர் மணியும் இல்லை. 20 என்பது சென்டிமீட்டரில் நீளம், L என்பது டெர்மினல் எந்தப் பக்கம் என்பது. L வேண்டிய வண்டிக்கு R வாங்கினால் கேபிள் எட்டாமல் போகலாம்.

9. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி காருக்கு ஆகாது

அதன் தடித்த பிளேட்டுகள் மணிக்கணக்கில் மெதுவாகக் கொடுப்பதற்காகச் செய்தவை. 150 ஆம்பியர் மணி என்ற எண்ணைப் பார்த்து அவசரத்துக்கு அதிலிருந்து கேபிள் போட்டு டீசல் வண்டியைக் கிளப்பப் பார்ப்பவர்கள் உண்டு; ஒரே மூச்சில் தள்ளுவது அதன் வேலை இல்லை. கார் பேட்டரியைக் கொண்டுபோய் இன்வெர்ட்டரில் மாட்டுவது அதைவிட மோசம். நாலு பவர்கட்டில் முழுதாகக் காலியானாலே அதன் மெல்லிய பிளேட்டுகளிலிருந்து மருந்து உதிர ஆரம்பித்துவிடும்.