லோகோ இருந்தால் ஒரிஜினல் ஆகிவிடுமா?

கேள்வி: ஐபோன் 12-இன் திரை உடைந்ததால் நாகர்கோவிலில் ஒரு கடையில் 9,500 ரூபாய் கொடுத்து மாற்றினேன். ‘ஓஜி டிஸ்ப்ளே, மூன்று மாத வாரண்டி’ என்று துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்கள். இப்போது கீழ்ப்பக்கக் கறுப்பு விளிம்பு தடிமனாகத் தெரிகிறது. ‘டூப்ளிகேட்டா?’ என்று கேட்டதற்கு, கடைக்காரர் திரையைத் தூக்கி, உள்ளே கேபிளில் இருந்த ஆப்பிள் லோகோவைக் காட்டினார். வழக்குப் போட முடியுமா? நாகர்கோவிலுக்கு அலைய வேண்டுமா?
— ஒரு வாசகர், கல்லாறு, திருவனந்தபுரம் மாவட்டம்

பதில்: முடியும். அலையவும் வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கல்லாறுக்காரரான உங்களுக்குத் திருவனந்தபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. திரை மாற்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிடுங்கள்.

இனி அந்த லோகோ. கடைக்காரர் காட்டியது பலவீனமான சான்று. உடைந்த ஒரிஜினல் திரைகளைக் கடைகள் விலைக்கு வாங்குகின்றன. மேல் கண்ணாடியை மட்டும் பிரித்து, புதுக் கண்ணாடி ஒட்டி விற்கிறார்கள். அதன் கேபிளில் இருப்பது உண்மையான லோகோதான், ஆனால் திரை புதியதல்ல. முழுக் காப்பியிலும் லோகோவை அச்சடிக்கலாம். ஆகவே லோகோ இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் அந்த லோகோ மசங்கியோ, சுரண்டிய தடத்தோடோ இருந்தால் அது உங்கள் பக்கம் பேசும். சர்வீஸ் மையத்தில் திரையைத் திறக்கும்போது கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள்.

விளிம்பு அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது. ஐபோன் 12-இல் ஒரிஜினல் திரை ஓஎல்இடி. அதன் அடிப்பகுதி வளைந்து பின்னால் மடங்கிவிடுவதால் நான்கு பக்கக் கறுப்பு ஓரமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். கடைகளில் ‘இன்செல்’ எனப்படும் மலிவான எல்சிடி திரையை அப்படி மடக்க முடியாது, அதனால் கீழ் ஓரம் தடிக்கும். நீங்கள் கவனித்தது இதுவாக இருக்கலாம். இரவில் விளக்கை அணைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தால் எல்சிடிதான். பிறகு Settings > General > About பகுதியில் Parts and Service History-ஐப் பாருங்கள். அங்கே Unknown Part என்று வந்தால் படம் எடுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி வழக்குப் போடாதீர்கள். வேறொரு போனிலிருந்து கழற்றிய அசல் திரைக்கும், முறைப்படி இணைக்காவிட்டால் அதே செய்தி வரக்கூடும்.

சட்டம் எங்கே கோடு போடுகிறது? ‘ஐபோன் 12-க்குப் பொருந்தும் திரை’ என்று சொல்லி, லோகோ இல்லாத காப்பியை விற்பது குற்றமில்லை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, உதிரிபாகம் எதற்குப் பொருந்தும் என்று சொல்வதற்காகப் பிராண்டின் பெயரைப் பயன்படுத்த இடம் தருகிறது. காப்பியில் போலி லோகோ பதித்து விற்பதோ அதே சட்டத்தின் 103, 104-ஆவது பிரிவுகளின்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. அந்த வழியில் சோதனை போட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும், வணிகச் சின்னப் பதிவாளரின் கருத்தையும் அவர் முன்னதாகப் பெற வேண்டும். அது பிராண்ட் கம்பெனிகளுக்கான பாதை; உங்கள் 9,500 அதில் திரும்பாது.

லோகோ எவ்வளவு சிக்கலானது என்பதற்கு நார்வே வழக்கு ஒன்று உண்டு. ஹென்ரிக் ஹுசெபி என்ற சிறு ரிப்பேர் கடைக்காரர் ஹாங்காங்கிலிருந்து வரவழைத்த 63 ஐபோன் திரைகளை 2017-இல் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது. அவற்றில் லோகோ மையால் மறைக்கப்பட்டிருந்தது. கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆனால் மையை நீக்கினால் சின்னம் வெளியே வரும் என்று சொல்லி, 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆப்பிளுக்கு ஆதரவாகத் தீர்த்தது. ரிப்பேர்காரர்கள் மேல் அனுதாபம் உள்ள எனக்கு அந்தத் தீர்ப்பு கடுமையாகவே படுகிறது.

உங்கள் வழக்கின் உயிர் அந்தத் துண்டுச்சீட்டு. ‘ஓஜி’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்தியது முறையற்ற வணிக நடத்தை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47)-ஆவது பிரிவில் வரும். ‘ஓஜி என்றால் ஒரிஜினல் மாதிரி’ என்று அவர்கள் மழுப்புவார்கள். அதனால் விலை பேசிய வாட்ஸ்அப் செய்திகளையும் ஜிபே ரசீதையும் பத்திரமாக வையுங்கள். முறையான பில் தர மறுத்திருந்தால் அதையும் புகாரில் சேருங்கள். அதே பிரிவில் அது தனிக் குறை.

திரையை நீங்களே கழற்றாதீர்கள். கழற்றினால், ‘நீங்கள்தான் மாற்றிவிட்டீர்கள்’ என்பார்கள். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சோதிக்கச் சொல்லி, பார்த்ததை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். எதிர்த்தரப்பு மறுத்தால், 38-ஆவது பிரிவின்படி ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்தைக் கேட்கலாம்.

முதலில் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் பல கடைக்காரர்கள் அதிலேயே பணத்தைத் திருப்பிவிடுகிறார்கள். உடைந்த பழைய திரையைக் கடையிலேயே விட்டு வந்திருந்தால், அதையும் அந்த நோட்டீஸில் திருப்பிக் கேளுங்கள்.