கோர்வைக்கு உட்கார்ந்தது யார்?

கே: நான் பிள்ளையார்பாளையத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். இருபது வருடங்களுக்கும் மேலாகத் துபாயில் இருக்கிறேன். ஊரைப் பற்றி எழுதிய கட்டுரையை ஒரு பத்திரிகை, "வெறும் ஏக்கமாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டது. "இடைவிடாத தறிச் சத்தமே எங்களுக்குத் தாலாட்டு" என்று தொடங்கும் அந்தக் கட்டுரையை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
— வாசகர், துபாய்

ப: முதல் வரியிலேயே. கோர்வைப் பட்டு நெய்யும் குழித்தறி இடைவிடாமல் சத்தம் போடாது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் ஊடைக்கு மூன்று நாடா வேண்டும். இடது கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலது கரைக்கு ஒன்று. உடல் நூலும் கரை நூலும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஊடைக்கும். கையால் நாடாவைத் தள்ளி, கோத்து, பிறகுதான் அடிக்க முடியும். அதனால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடைவெளி இருக்கும். கடகடவென்று ஓடுவது விசைத்தறி. உங்கள் வீட்டுத் தறியின் சத்தத்தை எழுதவில்லை நீங்கள். சினிமாவில் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இடைவெளியில்தான் உங்கள் கட்டுரை இருக்கிறது. மூன்று நாடாவை ஒரே ஆள் வீச முடியாது. நெசவாளிக்கு வலதுபக்கம் இன்னொருவர் உட்கார்ந்து அந்தக் கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அது யார்? நாலாவது பத்தியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: "அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு உதவியாகத் தறியில் உட்கார்ந்தாள்." ஒரே வாக்கியம். அடுத்த வரியில் ஏகாம்பரநாதர் கோவில் பிரகாரத்துக்கு ஓடிவிட்டீர்கள். எட்டுப் பக்கக் கட்டுரையில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து படித்த வரி அது ஒன்றுதான்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் பின்னால் குழந்தைகளின் உழைப்பு இருந்தது. சொந்த வீட்டுத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. குடும்பம் வாங்கிய அட்வான்ஸுக்கு ஈடாக அடுத்தவர் தறிக்குப் போன பிள்ளைகளும் உண்டு. கடன் தீரும்வரை அவர்களால் வேறு இடத்துக்குப் போக முடியாது. 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. இதை ஒப்புக்காக ஒரு பத்தியாக உங்கள் கட்டுரையில் ஒட்டவைக்கச் சொல்லவில்லை. உங்களுக்குத் தாலாட்டாக இருந்த சத்தம், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு என்னவாக இருந்தது என்று கேட்கச் சொல்கிறேன்.

அக்காவுக்கு ஃபோன் போடுங்கள். எத்தனை மணிக்குத் தறியில் இறங்கினாள், கூலி என்று ஏதாவது அவள் கையில் வந்ததா, ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்வரை என்ன செய்தாள், எந்த வயதில் தறியை விட்டு எழுந்தாள் என்று கேளுங்கள். "உனக்குக் கஷ்டமாக இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிடுவாள். வேலையைப் பற்றிக் கேட்டால் அவளே பேசுவாள். அச்சில் போடச் சம்மதமா என்பதையும் அவளிடமே கேட்டுவிடுங்கள்.

உங்கள் கட்டுரையில் இருக்கும் தகவலை மட்டும் வைத்து இப்படித் தொடங்கலாம்: "அப்பாவுக்கு வலதுபக்கம் அக்கா. வலது கரையின் நாடா அவளுடையது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் தறி நிற்கும். எனக்குக் காய்ச்சல் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் போகும்." ஏக்கம் எங்கேயும் போய்விடவில்லை, அவள்மேல் இருக்கும் பிரியமும் போய்விடவில்லை. ஆனால் நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்பது இப்போது தெரிகிறது.

கே: 1982-ல் என் தாத்தா தோளில் உட்கார்ந்து அத்தி வரதரைச் சேவித்தேன். அங்கிருந்து தொடங்கலாமா?
— வாசகி, பெங்களூரு

ப: அத்தி வரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து வெளியே வந்தது 1979-ல், அதன் பிறகு 2019-ல். நடுவில் இல்லை. ஒன்று வருடம் தவறு, அல்லது நீங்கள் சேவித்தது கருடசேவையாக இருக்கலாம். வீட்டில் பெரியவர்களிடம் விசாரித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கே: காஞ்சிபுரம் இட்லி இல்லாமல் ஊரைப் பற்றி எழுத முடியுமா?
— வாசகர், கோவை

ப: முடியும். எழுதியே தீர வேண்டும் என்றால் ருசியை விடுங்கள். மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் மாவை ஊற்றி வேகவைப்பவரைப் பற்றி எழுதுங்கள்.

கே: ஐப்பசி மழையும் மண்வாசனையும்தான் என் ஊர் நினைவு. அதை எழுதினால் "தேய்ந்த விஷயம்" என்கிறார்கள். மழையை ரசிக்கக்கூடாதா?
— வாசகி, சிங்கப்பூர்

ப: தாராளமாக ரசிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மழை எந்த ஊரிலும் பெய்யும். காஞ்சிபுரத்து மழை தறிக்குழியில் இறங்கும். நெசவாளி காலை வைத்து மிதிக்கும் குழியில் ஈரம் ஊறும். பெருமழை என்றால் தண்ணீரே நிற்கும், தறியில் இறங்க முடியாது. விடியற்காலையில் தெருநீளத்துக்குப் பாவை நீட்டிச் சரிசெய்யும் வேலையும் மழையில் நடக்காது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்குத் தறி நின்றால் வருமானமும் நிற்கும். உங்கள் தெருவில் அந்த நாட்களில் கடன் கொடுத்த மளிகைக்கடை எது, அடகுக்கு எது போனது, யார் வீட்டுக் குழியில் முதலில் தண்ணீர் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நீங்கள் நெசவுக் குடும்பம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஜன்னலுக்கு உள்ளே நின்று மழை பார்த்த வீடு என்பதும் ஒரு தகவல்தான்.

கே: போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மனசு விட்டுப்போயிற்று. தறி இருந்த வீடுகளில் தறி இல்லை. பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு பஸ் ஏறுகிறார்கள். ஒரு கலை அழிவதைப் பற்றி எழுத நினைக்கிறேன்.
— வாசகர், சென்னை

ப: நீங்கள் என்ன வேலைக்காகச் சென்னைக்குப் போனீர்கள் என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள். மாதச் சம்பளத்துக்காக நீங்கள் ஊரைவிட்டுப் போனது வளர்ச்சி, அதே சம்பளத்துக்காக அந்தப் பையன் பஸ் ஏறினால் அழிவா? குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் வேலையை அவன் தொடர வேண்டும் என்று கேட்க, விட்டு வந்த நமக்கு உரிமை கிடையாது.

இழப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எனக்கும் வருத்தம் இருக்கிறது. ஆனால் "கலை அழிகிறது" என்றால் எதுவும் புரியாது. என்ன போயிற்று, எப்படிப் போயிற்று என்று சொல்லுங்கள். வலதுபக்கம் உட்கார ஆள் கிடைக்காதபோது நெசவாளி தறியை உடனே மூடிவிடுவதில்லை. கோர்வை இல்லாத சேலைக்கு மாறுகிறார். அதை ஒரே ஆள் நெய்துவிடலாம், நாளும் குறைவு. பட்டு அதேதான், ஜரிகையும் இருக்கும், கடையில் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

உங்கள் வீட்டுப் பீரோவில் அம்மாவின் கல்யாணச் சேலையும் அண்மையில் வாங்கிய சேலையும் இருந்தால் இரண்டையும் விரித்து, கரை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கையால் கோர்வை போட்டதில் இரண்டு நிறமும் அந்தக் கோட்டில் தெளிவாகப் பிரியும், கிட்டப் பார்த்தால் சின்னச் சின்னப் பல்லாகக் கோத்திருக்கும். கோர்வை இல்லாததில் ஒரே ஊடை நூல் கரையிலிருந்து கரைவரை ஓடுவதால், உடலின் நிறம் கரைக்குள்ளும் கலந்து தெரியும். பிறகு அம்மாவின் சேலையை எந்தத் தெருவில் வாங்கினார்கள், கடையிலா, சொசைட்டியிலா, நெய்த வீட்டிலேயேவா என்று கேளுங்கள். நெய்தவர் இருந்தால் போய்ப் பாருங்கள். அவருக்கு வலதுபக்கம் அப்போது உட்கார்ந்திருந்தவர் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று அவரிடம் விசாரித்து, அந்த ஆளையும் தேடிப் போங்கள்.