மூன்று வரன்களோடு ஒரே நேரத்தில் பேசும்போது

மேட்ரிமோனியில் பதிவு செய்துவிட்டு ஒரே ஒரு வரனோடு மட்டும் பேசுகிறவர்கள் குறைவு. ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் ஃபோனில் பேசி, “பிள்ளைங்களும் பேசிப் பார்க்கட்டும்” என்று நம்பர் கை மாறிவிட்டால், ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேரோடு வாட்ஸ்அப்பில் பேச்சு ஓடுவது சகஜம். அதில் தப்பில்லை. எதிரில் இருப்பவர் அதை அறியாமல், லீவு போட்டு டிக்கெட் எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டால்தான் சிக்கல்.

கோயம்புத்தூரில் ஐடி வேலை பார்க்கும் 29 வயதுப் பெண் ஒருத்தி என்று வைத்துக்கொள்வோம். பேச்சில் இருப்பவர்கள் மூவர்: ஒருவர் பெங்களூர், ஒருவர் சென்னையில் வங்கி வேலை, ஒருவர் சிங்கப்பூர். பையன் வீட்டிலிருந்து பார்த்தாலும் செய்ய வேண்டியவை இவையேதான்.

முதலில் அம்மாவிடம்

அவள் முதலில் பேச வேண்டியது வரன்களிடம் இல்லை, வீட்டில். ஏனென்றால் சென்னைக்காரரின் அம்மா கேட்டபோது, இவள் அம்மா மரியாதைக்காக “இப்போதைக்கு உங்க இடம்தான் பார்த்துட்டு இருக்கோம்” என்று சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் கழித்து மகள் உண்மையைச் சொன்னால், அம்மா பொய்க்காரி ஆகிவிடுவார். ஆகவே அம்மாவுக்கும் ஒரே வரி போதும்: “இன்னும் ரெண்டு இடம் பேச்சுல இருக்குங்க, எதுவும் முடிவாகலை.” ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் வேண்டாம், யார் வேண்டாம் என்றாலும் இரண்டு நாளுக்குள் தகவல் போய்விட வேண்டும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நல்லது. மூன்று என்பது என் கணக்கு. அதற்கு மேல் போனால் யாருடைய தங்கை எங்கே படிக்கிறாள் என்பதே குழம்பும்.

எப்போது, எப்படிச் சொல்வது

முதல் அழைப்பிலேயே சொல்லத் தேவையில்லை. பேசப் பிடிக்கிறதா என்பதே அப்போது தெரியாது. இரண்டாம் முறை பேசும்போது, அதிகம் போனால் மூன்றாம் முறை, சொல்லிவிட வேண்டும். இரவு பதினொரு மணி வரை பேச்சு நீளத் தொடங்கிய பிறகு சொன்னால், அதே செய்தி ஏமாற்றமாகிவிடும். எழுதி அனுப்புவதைவிட ஃபோனில் சொல்வது மேல், குரலில் தயக்கமும் அக்கறையும் கேட்கும். அவள் இப்படிச் சொல்லலாம்:

“ஒண்ணு சொல்லிடறேங்க. வீட்ல இன்னும் ரெண்டு இடம் பார்த்துட்டு இருக்காங்க, அவங்ககிட்டயும் நான் பேசிட்டு இருக்கேன். உங்களுக்கும் அப்படி இருக்கலாம், தப்பே இல்லை. இந்த மாசக் கடைசிக்குள்ள நான் ஒரு முடிவு சொல்லிடுவேன். நடுவுல வேற எங்கேயாவது உறுதியாச்சுன்னா, உங்களுக்கு முதல்ல நானே சொல்றேன்.”

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது: மற்றவர்கள் இருக்கிறார்கள் என்பது, பதில் எப்போது வரும் என்பது. மற்றவர்களின் பெயர், ஊர், சம்பளம் எதுவும் இல்லை, வேண்டவும் வேண்டாம். நாள் குறிப்பிடாமல் முதல் பாதியை மட்டும் சொன்னால் அது நேர்மைதான், ஆனால் கேட்பவரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டது போல இருக்கும்.

“அப்போ நான் எத்தனாவது?” என்று பெங்களூர்க்காரர் சிரித்துக்கொண்டே கேட்கலாம். சிரிப்பைச் சிரிப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. “வரிசை எதுவும் வைக்கலைங்க. உங்ககிட்ட பேசும்போது உங்களைத்தான் யோசிக்கிறேன்” என்றால் போதும். சிங்கப்பூர்க்காரரோ “நான் உங்ககிட்ட மட்டும்தான் பேசறேன்” என்கிறார் என்று வையுங்கள். அங்கே மாதக் கடைசி என்பது நீளம். ஒரு வாரத்துக்குள் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடுவதுதான் நியாயம். சொன்னதைக் கேட்டுக் கோபப்பட்டு ஒருவர் விலகினால், விலகட்டும்.

பேச்சு ஓடும் நாட்களில்

இங்கே விதிகள் குறைவு. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, “சிங்கப்பூர்ல இருக்கவர் தனிக்குடித்தனத்துக்கு ஓகே சொல்லிட்டார்” என்று சென்னைக்காரரிடம் பேரம் பேசவே கூடாது. ஸ்கிரீன்ஷாட்டைத் தோழிகள் குரூப்பில் போடக் கூடாது. யார் என்ன சொன்னார் என்று ஃபோனில் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளலாம், அப்பாவின் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொன்னவரிடமே அடுத்த வாரம் “அப்பா என்ன பண்றார்?” என்று கேட்பதைத் தவிர்க்க அது உதவும். நீலக் குறியை அணைத்து வைப்பது உங்கள் உரிமை. ஆனால் தினமும் பேசிவந்தவரிடம் சொல்லாமல் மூன்று நாள் மௌனமாக இருப்பதை அது மறைக்காது.

ஒரு பக்கம் சாயும்போது

பெண் பார்க்க வீட்டுக்கு வருகிறோம் என்று ஒரு தரப்பு நாள் குறித்துவிட்டால், மற்ற உரையாடல்கள் அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும் என்பது என் கட்சி. பூ வைத்த பிறகு பேசுவது எந்த வீட்டிலும் செல்லாது. அவள் மனம் சென்னைக்காரர் பக்கம் சாய்ந்திருக்கிறது, ஆனால் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்றால்? மற்ற இருவரையும் “கொஞ்சம் வேலை பிஸி” என்று பிடித்து வைக்கத் தோன்றும். இது நடந்தால் இது, இல்லாவிட்டால் அது என்று ஒருவரை வைத்திருப்பதை எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அவர் கண்டுபிடித்துவிடுவார்: பதில்கள் சுருங்கும், அவள் கேள்வி கேட்பது நின்றிருக்கும். அதற்குப் பதில், “ஒரு இடத்துல பேச்சு கொஞ்சம் முன்னாடி போயிருக்கு. நீங்க எனக்காகக் காத்திருக்க வேண்டாம்” என்று விடுவித்துவிடலாம்.

வேண்டாம் என்று சொல்வதில்தான் நம் ஊரில் பெரிய கோளாறு. எல்லோருக்கும் கைவசம் இருக்கும் பொய் “ஜாதகம் சரியா அமையலை”. யாரையும் புண்படுத்தாத பொய் போலத் தெரிகிறது. உண்மையில் என்ன நடக்கிறது? பெங்களூர்க்காரரின் அப்பா ஏற்கெனவே பொருத்தம் பார்த்துத்தான் நம்பர் கொடுத்தார். அவர் வேறு ஜோசியரிடம் போகிறார். அந்த ஜோசியர் எட்டுப் பொருத்தம் இருக்கிறது என்கிறார். அதைச் சொல்ல இவள் அப்பாவுக்கு மறுபடி ஃபோன் வருகிறது. அல்லது மகனின் ஜாதகத்தில் நமக்குத் தெரியாமல் ஏதோ தோஷம் என்று பயந்து பரிகாரத்துக்குக் கிளம்புகிறார்கள். பெண் வீட்டுக்கு இந்தப் பொய்யைச் சொன்னால் விளைவு இன்னும் மோசம். செவ்வாய் தோஷம் என்ற பேச்சு தரகர் வழியாக அடுத்த இடத்துக்கும் போய்ச் சேரும்.

அதனால் அவள் பெங்களூர்க்காரரிடம் தானே சொல்ல வேண்டும், அதே நாளில் அவள் அப்பா அவர் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவள் இப்படிச் சொல்லலாம்: “உங்ககிட்ட பேசினது நல்லா இருந்தது. ஆனா கல்யாணம்னு யோசிச்சா எனக்கு அது அமையும்னு தோணலைங்க. ஜாதகமோ உங்க குடும்பமோ காரணமில்லை.” காரணம் கேட்டால், அவர் மாற்றிக்கொள்ள முடியாத உயரம், நிறம், பேச்சு நடை போன்றவற்றைச் சொல்லக் கூடாது. வேலைக்காக ஊர் மாற முடியாது என்பது போல உண்மையான நடைமுறைக் காரணம் இருந்தால் மட்டும் சொல்லலாம். ஆனால் அவர் “நான் கோயம்புத்தூர் வர்றேன்” என்றால் அப்போது சம்மதிப்பீர்களா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். சம்மதிக்க மாட்டீர்கள் என்றால் அது காரணமே அல்ல. “இன்னொருத்தர் உங்களைவிட” என்று தொடங்கும் எந்த வாக்கியமும் வேண்டாம்.

பதில் வந்ததும் நன்றி சொல்லி முடித்துக்கொண்டு, அவர் அனுப்பிய படங்களையும் ஜாதகத்தையும் உங்கள் ஃபோனிலிருந்து நீக்குங்கள், அப்பா அவற்றை அனுப்பிய சித்தப்பா, ஜோசியர் வரை எல்லோரையும் நீக்கச் சொல்லுங்கள்.