சாப்பாடு சரியில்லையா, பசி எடுக்கவில்லையா?

சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் தமிழ்த் தொழிலாளிகளுக்காக மனச்சோர்வைக் கண்டறியும் கேள்விப் படிவம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தோம். பசி பற்றிய கேள்வியில் ‘சாப்பாட்டில் விருப்பம் இல்லாமல் இருந்தது’ என்று எழுதியிருந்தோம். அதை மூலம் தெரியாத ஒருவரிடம் கொடுத்தோம். ‘உணவில் நாட்டமின்மை’ என்ற பொருளில் நல்ல ஆங்கிலமாகத் திருப்பித் தந்தார். மூலத்தோடு ஒட்டி வந்ததால் எல்லோரும் டிக் போட்டுவிட்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு தொழிலாளிகளோடு உட்கார்ந்து படிவத்தைப் படித்துப் பார்த்தோம். அவர்களில் நான்கு பேர் பசி பற்றிய கேள்விக்கு ‘கிட்டத்தட்ட தினமும்’ என்றார்கள். எந்த நாளை நினைத்துச் சொன்னீர்கள் என்று ஒரு தம்பியிடம் கேட்டேன். “கேட்டரிங் சாப்பாடு எங்கக்கா நல்லா இருக்கு? விடியக்காலையிலயே பொட்டலம் வந்துரும். மத்தியானம் சைட்ல பிரிச்சா ஒரு வாடை வரும். ஞாயித்துக்கிழமை தேக்கா போனா ரெண்டு தட்டு சாப்பிடுவேன்” என்றார். அவருக்குப் பசியில் குறையே இல்லை, குறை பொட்டலத்தில்தான்.

இந்த மொழிபெயர்ப்பு வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். திரும்பி வந்த ஆங்கிலம் சரியாக இருந்தால் தமிழும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

அந்தப் படிவத்தின் பெயர் பிஎச்க்யூ-9. க்ரோங்கி, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 2001-இல் இதைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்: இல்லவே இல்லை, சில நாட்கள், பாதிக்கும் மேற்பட்ட நாட்கள், கிட்டத்தட்ட தினமும். மதிப்பெண் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் கூடுதலாகக் கவனிப்பார். அந்தத் தம்பி மற்ற கேள்விகளில் 7 வாங்கியிருந்தால், கேட்டரிங்காரர் தரும் 3 அவரை எல்லைக்கோட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் படிவத்துக்குத் தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா? பிஎச்க்யூ-9-க்கு இருக்கிறது. அப்படியானால் உங்கள் வேலை புதிதாக எழுதுவதா, இருப்பதை டார்மிட்டரியில் வாழும் ஆட்களிடம் சோதித்துத் திருத்துவதா என்பதை மருத்துவக் குழுவோடு பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில படிவங்களில் உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு சொல்லைக்கூடத் தொட முடியாது.

வழிமுறை பல ஆண்டுகளாகவே தெளிவாக இருக்கிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். பிறகு மூன்றாமவர் ஒருவரோடு உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இருவரில் ஒருவர் மருத்துவச் சொல் அறிந்தவராகவும், இன்னொருவர் புதுக்கோட்டை, சிவகங்கை பக்கத்துப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவராகவும் இருப்பது நல்லது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவரின் தமிழும் ஊரிலிருந்து வேலைக்கு வந்தவரின் தமிழும் எழுத்தில் ஒன்றுதான். ஆனால் ‘மனச்சோர்வு’ என்று வாசித்ததும் இருவருக்கும் தோன்றுவது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றாக்கும்போதே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பல தொழிலாளிகளுக்கு இதைத் தாதியோ தொண்டரோ படித்துக் காட்டித்தான் விடை வாங்குகிறார்கள். ‘உணர்கிறீர்களா’ என்று தாளில் எழுதியிருந்தால் படிப்பவர் அங்கேயே தன் போக்கில் மாற்றிச் சொல்லத் தொடங்கிவிடுவார், பத்துப் பேர் படித்தால் பத்துக் கேள்வி ஆகிவிடும். வாயில் தடுக்காத எழுத்துத் தமிழ் வேண்டும். ‘இருந்ததா?’, ‘தோன்றியதா?’ போன்ற வினைகள் இரண்டுக்கும் பொருந்தும்.

அடுத்ததுதான் மீள்மொழிபெயர்ப்பு. மூலத்தைப் பார்க்காத ஒருவர் தமிழை ஆங்கிலமாக்குவார், நாம் அதை மூலத்தோடு ஒப்பிடுவோம். இதற்கு ஆள் தேடும்போதுதான் பலர் தவறுகிறார்கள். மருத்துவமனையில் வேலை பார்க்கும் தாதி ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார், இருமொழியும் நன்றாகத் தெரிந்திருக்கும். அவரைக் கேட்காதீர்கள். அந்த ஆங்கிலப் படிவத்தை நோயாளிகளிடம் பலமுறை படித்துக்காட்டியவர் அவர். தமிழ் வாக்கியம் கோணலாக இருந்தாலும், எந்தக் கேள்வி என்று புரிந்ததும் மனப்பாடத்திலிருந்து மூலத்தையே எழுதிவிடுவார். நம் பிழை அவர் கெட்டிக்காரத்தனத்தில் மறைந்துபோகும். 1970-இல் இந்த முறையை விரிவாக எழுதிய ரிச்சர்ட் பிரிஸ்லினே இதை எச்சரித்திருக்கிறார்: திறமையான இருமொழியாளர் மோசமான மொழிபெயர்ப்பிலிருந்தும் நல்ல வாக்கியத்தை மீட்டுவிடுவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்த தமிழ்தான் மீள்மொழிபெயர்ப்பில் முதல் மதிப்பெண் வாங்கும். ‘ஃபீலிங் டவுன்’ என்பதை ‘கீழாக உணர்தல்’ என்று எழுதினால் அச்சு அசலாகத் திரும்பி வரும். ‘மனசு விட்டுப்போனது’ என்று எழுதினால் திரும்பி வரும் ஆங்கிலம் விசித்திரமாக இருக்கும், குழுவில் யாராவது புருவம் உயர்த்துவார்கள். அந்த இடத்தில் நல்ல தமிழை விட்டுக்கொடுக்காமல் ஏன் இந்தச் சொல் என்று விளக்குவது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

ஆறாவது கேள்வியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். தன்னையோ தன் குடும்பத்தையோ ‘லெட் டவுன்’ செய்துவிட்டதாகத் தோன்றியதா என்று மூலம் கேட்கிறது. அகராதி ‘ஏமாற்று’ என்ற சொல்லைத் தரும். ‘குடும்பத்தை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றியதா?’ என்று எழுதலாம். மீள்மொழிபெயர்ப்பாளர் ‘ஏமாற்றம்’ என்ற பொருளை எடுத்துக்கொண்டால் மூலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், ஆட்சேபமே வராது. ஆனால் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி வந்த ஒருவரிடம் இதைப் படித்தால் அவர் காதில் விழுவது குற்றச்சாட்டு. வீட்டுக்குப் பணம் அனுப்பாமல் மறைத்தாயா என்று கேட்பதாக எடுத்துக்கொண்டு, “நான் யாரையும் ஏமாத்தலக்கா” என்று ஒருவர் முகம் சிவந்து சொன்னார். விடை 0. இரவெல்லாம் அந்தக் கவலையிலேயே விழித்திருக்கும் ஆளுக்கு அந்தக் கேள்வியில் 0. ‘குடும்பம் உங்கள்மேல் வைத்த நம்பிக்கையைக் காப்பாற்ற முடியவில்லை என்று தோன்றியதா?’ என்று மாற்றினோம். வாக்கியம் நீண்டது. நீண்டாலும் பரவாயில்லை, கேட்க வேண்டியதைக் கேட்கிறது.

விடைப் பட்டியலில் இன்னொரு பொறி. ‘பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ என்பதைச் சுருக்கி ‘அரை நாளுக்கு மேல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சம்பளக் கணக்கில் அரை நாள், முழு நாள் என்று பேசிப் பழகியவர்களுக்கு அது நான்கைந்து மணி நேரம். மூலம் கேட்பதோ 14 நாட்களில் ஏழுக்கு மேல். ‘இந்த 2 வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட நாட்கள்’ என்று எழுதியதும் குழப்பம் தீர்ந்தது. தலைப்பு வரியையும் கவனியுங்கள். ‘கடந்த 2 வாரங்களாக’ என்றால் விடாமல் தொடர்ந்து என்று கேட்கும், நடுவில் இரண்டு நாள் நன்றாக இருந்தவர் ‘இல்லை’ என்பார். ‘கடந்த 2 வாரங்களில்’ என்பதே சரி. இந்த இரண்டு எழுத்து வித்தியாசத்தை ஆங்கிலத்தில் திரும்பப் பெறும்போது கண்டுபிடிப்பது கடினம்.

ஆகவே உங்கள் நேரத்தையும் உழைப்பையும் அதிகமாக ஒதுக்க வேண்டிய இடம், தொழிலாளிகளோடு பேசிப் பார்க்கும் சோதனை. 2005-இல் வந்த ஐஸ்போர் அமைப்பின் மொழிபெயர்ப்பு வழிகாட்டல் ஐந்து முதல் எட்டுப் பேரைச் சொல்கிறது. சூப்பர்வைசர் இல்லாத இடத்தில், அறைத்தோழர்கள் காதுக்கு எட்டாத தூரத்தில், ஓய்வு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர், புதிதாக வந்தவர், எட்டாவதோடு நின்றவர், டிப்ளமோ முடித்தவர் என்று கலந்து தேர்ந்தெடுங்கள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள். “புரிஞ்சுதுக்கா” என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது. “இதை உங்க கூட்டாளிக்கு நீங்க எப்படிக் கேப்பீங்க?” என்று கேளுங்கள். விடை சொன்ன பிறகு “எந்த நாளை நினைச்சுச் சொன்னீங்க?” என்று கேளுங்கள். கேட்டரிங் பொட்டலம் வெளியே வந்தது இந்த இரண்டாவது கேள்வியால்தான்.

ஒன்பதாவது கேள்வி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. இங்கே மொழிபெயர்ப்பாளர்கள் மென்மையாக்கப் பார்ப்பார்கள், ‘வாழ்க்கை வெறுத்துப்போனது’ என்று எழுதுவார்கள். அது வேறு கேள்வி. வேலை கடினமாக இருந்தாலே ஊரில் சாதாரணமாகச் சொல்கிற பேச்சு அது. சாவு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இரண்டையும் நேராகவே எழுத வேண்டும். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. ஆனால் பதில் சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் தொழிலாளியிடம் இருக்கும். அதனால் விடையை யார் பார்ப்பார், யார் பார்க்க மாட்டார் என்பதை முதலிலேயே தமிழில் சொல்லிவிடுங்கள். சோதனைக்கு உட்காரும்போதே, ஒருவர் ‘ஆமாம்’ என்றால் அன்றே அவரோடு பேச ஒரு மருத்துவர் அல்லது ஆலோசகர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லை என்றால் சோதனையைத் தள்ளிப்போடுங்கள், இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

மொழியால் தீர்க்க முடியாதவையும் உண்டு. நாளெல்லாம் வெயிலில் கம்பி கட்டுபவரிடம் ‘களைப்பாக இருந்ததா?’ என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார். செய்தித்தாள் படிப்பதில் கவனம் போகிறதா என்ற கேள்விக்கு “நான் போன்லதான் பாக்குறேன்” என்பார். இவற்றை நாமாக மாற்றக் கூடாது. கண்டதை அப்படியே அறிக்கையில் எழுதி மருத்துவக் குழுவின் முடிவுக்கு விட வேண்டும்.

கூலி பற்றி ஒரு வார்த்தை. படிவம் ஒரே பக்கம்தான். சொல் கணக்கில் கூலி பேசினால் ஒரு வார உழைப்புக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுதான் மிஞ்சும். தமிழாக்கம், ஒன்றாக்கும் கூட்டம், மீள்மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பது, தொழிலாளிகளோடு சோதனை, அறிக்கை என்று தனித்தனியே மணிக்கணக்கில் விலை சொல்லுங்கள். சோதனையை வெட்டிச் செலவைக் குறைக்கச் சொன்னால், பட்டியலில் அந்த வரியை விட்டுவிட்டு ‘சோதிக்கப்படாத வடிவம்’ என்று படிவத்தின் அடியிலேயே அச்சிடச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை வைத்து அட்டவணை பராமரியுங்கள்: மூலம், இரண்டு தமிழாக்கம், ஒன்றாக்கியது, திரும்பி வந்த ஆங்கிலம், தொழிலாளி சொன்னது, இறுதி வடிவம். எங்கள் அட்டவணையில் ஐந்தாவது கேள்வியின் கடைசிக் கட்டத்தில் இருப்பது இது: ‘பசி எடுக்காமல் இருந்ததா, அல்லது வழக்கத்தைவிட மிக அதிகமாகச் சாப்பிட்டீர்களா?’ அதே தம்பியிடம் மறுபடி படித்துக் காட்டினேன். “பசியா? அது நல்லாத்தான்க்கா எடுக்குது” என்றார். மதிப்பெண் 0.