அகராதி இல்லாமல் ஒரு ஜெர்மன் வாடகை விளம்பரம்

அடுத்த செமஸ்டர்ல என் ரூம்மேட் 6 மாச இன்டர்ன்ஷிப்புக்கு ஜெர்மனி போறான். போன வாரம் ஒரு வாடகை அறை விளம்பரத்தை ஸ்க்ரீனில் காட்டி, "நீதான் ஏ2 கிளாஸ் போறியே, படிச்சுச் சொல்லுடா"ன்னான். இருந்தது மூணே வரி.

```
Sonniges Zimmer, Internet kostenlos
Kaution rückzahlbar, Miete monatlich
Dreimonatige Kündigungsfrist
```

நாலு பெயர்ச்சொல்லைச் சொல்லிவிடுகிறேன். ட்ஸிம்மர் என்றால் அறை. கௌட்ஸியோன் என்றால் அட்வான்ஸ். மீட்டெ என்றால் வாடகை. க்யூண்டிகுங்ஸ்ஃப்ரிஸ்ட் என்றால், காலி செய்வதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கால அளவு. மீதி ஐந்தும் அடைமொழிகள். அவற்றின் வால் பகுதியைப் பார்த்தே அர்த்தத்தை ஊகிக்கலாம்.

முதல் வேலை, கடைசியில் ஒட்டியிருக்கும் எ, எஸ் போன்ற இலக்கண விகுதியை வெட்டுவது. ஸொன்னிகெஸ் என்பதில் எஸ்ஸை எடுத்தால் ஸொன்னிக் (பேசும்போது இந்த இக், இஷ் மாதிரி கேட்கும்). ஸொன்னெ என்றால் சூரியன். 'இக்' என்பது நம்ம 'உள்ள' மாதிரி. ஆக, வெயில் உள்ள அறை.

'லோஸ்' அதற்கு நேர் எதிர், நம்ம 'இல்லாத', 'அற்ற'. கொஸ்டன் என்றால் செலவு. கொஸ்டன்லோஸ் என்றால் செலவு இல்லாத. அதாவது இன்டர்நெட் இலவசம். லோஸ் அநேகமாகப் பெயர்ச்சொல்லோடுதான் சேரும், அதனால் நாலு வாலில் இதுதான் ரொம்ப நம்பிக்கையானது.

'பார்' பெரும்பாலும் வினைச்சொல்லோடு சேரும். எஸ்ஸன் என்றால் சாப்பிடுவது, எஸ்பார் என்றால் சாப்பிடக்கூடிய. லேஸன் என்றால் படிப்பது, லேஸ்பார் என்றால் படிக்கக்கூடிய. ரூக்ட்ஸால்பாரைப் பிரித்தால் ரூக் (திரும்ப), ட்ஸால் (பணம் கட்டு), பார். திருப்பிக் கொடுக்கக்கூடிய அட்வான்ஸ். பண விஷயத்தில் இந்த 'கூடிய' பெரும்பாலும் 'வேண்டிய' என்றே அர்த்தம் தரும்.

பாரில் ஒரு பொறி இருக்கு. கொஸ்டன்லோஸ் இலவசம் என்றால், கொஸ்ட்பார் 'காசு கட்ட வேண்டியது' என்றுதானே தோணும்? இல்லை. அது 'விலைமதிப்புள்ள'. கட்டணம் உண்டு என்பதற்குச் சொல் கொஸ்டன்ப்ஃலிஷ்டிக். அதேபோல டாங்க்பார் 'நன்றி சொல்லக்கூடிய' பொருள் அல்ல, 'நன்றியுள்ள'. ஃபுர்ஷ்ட் என்றால் பயம், ஃபுர்ஷ்ட்பார் என்றால் பயங்கரமான. பாருக்கு முன்னால் இருப்பதை 'செய்யக்கூடிய' என்று மாத்திப் பாருங்க. வாக்கியத்தில் பொருந்தலேன்னா, அது இந்த மாதிரிப் பழைய சொல்லாக இருக்கலாம். பிரிக்காம மனப்பாடம் பண்ணிக்க வேண்டியதுதான்.

இப்போ எங்களுக்குள்ள சண்டை வந்த இடம். மோனாட்லிஷ், ட்ரைமோனாடிக். ரெண்டிலும் இருப்பது மோனாட், அதாவது மாதம். ட்ரை என்றால் மூணு. "வாடகை மாசாமாசம், காலி பண்றது மூணு மாசத்துக்கு ஒருதடவை. ஆறாம் மாசக் கடைசியில சொல்லிட்டுக் கிளம்பிடலாம்"ன்னான் அவன்.

முதல் பாதி சரி. காலத்தோடு 'லிஷ்' சேர்ந்தால் 'தோறும்': மோனாட்லிஷ் மாதந்தோறும், டேக்லிஷ் தினந்தோறும். (டாக் என்ற சொல்தான் டேக் ஆகியிருக்கு. லிஷ் சேரும்போது உயிரெழுத்து இப்படி மாறுவது சகஜம்.) ஆனால் காலத்தோடு 'இக்' சேர்ந்தால், அது அத்தனை காலம் நீளம் உள்ளது. ட்ரைமோனாடிக் என்றால் மூன்று மாத நீளமுள்ள. மூணு மாசத்துக்கு ஒருதடவை என்று சொல்ல வேண்டுமானால் ட்ரைமோனாட்லிஷ் என்று இருந்திருக்கும்.

ஆக, நோட்டீஸ் காலம் மூன்று மாதம். ஆறாம் மாசக் கடைசியில் கிளம்ப, மூணாம் மாசம் முடிவதற்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கணும். அவன் நினைத்தபடி கடைசி நாளில் சொல்லியிருந்தால், ஊருக்கு வந்த பிறகும் மூணு மாச வாடகை ஓடும். மாசம் 400 யூரோ என்று வைத்தால் 1200 யூரோ. எல்லாம் லிஷ்ஷுக்கும் இக்குக்கும் உள்ள வித்தியாசம்.

காலத்தை விட்டு வெளியே வந்தால் லிஷ் அவ்வளவு ஒழுங்கானது இல்லை. ஃப்ராய்ண்ட் என்றால் நண்பன், ஃப்ராய்ண்ட்லிஷ் என்றால் நட்பான. அங்கே 'தோறும்' வராது, 'அந்தத் தன்மையுள்ள' என்றுதான் எடுக்கணும். இக்கும் சில சமயம் கையை விரிக்கும். ஜெர்மன் விண்ணப்பங்களில் வரும் லேடிக் என்பதை என்னதான் வெட்டினாலும் உள்ளே தெரிந்த பெயர்ச்சொல் கிடைக்காது. அர்த்தம் 'திருமணமாகாத'.

ரூம்மேட் இப்போ வேற விளம்பரம் பார்த்திருக்கான். அதில் "monatlich kündbar" என்று இருக்காம். க்யூண்டிகன் என்றால் ஒப்பந்தத்தை முடிப்பது. மீதியை நீங்களே பிரிச்சுப் பாருங்க.