தள்ளுபடிக்கு இரண்டு முறை வரி கட்டாதீர்கள்

சென்னையில் அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்ப்பவர்களில் பலருக்கு ஈஎஸ்பிபி, அதாவது ஊழியர் பங்கு வாங்கும் திட்டம், உண்டு. ஆறு மாதம் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பிடித்து, தாய் நிறுவனப் பங்கை 15 சதவீதத் தள்ளுபடியில் வாங்கித் தருவார்கள். பல திட்டங்களில் இன்னொரு சலுகையும் இருக்கும்: தவணையின் முதல் நாள் விலை, கடைசி நாள் விலை இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் தள்ளுபடி.

முதல் நாள் விலை 100 டாலர், கடைசி நாள் 120 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குப் பங்கு 85 டாலருக்குக் கிடைக்கும். ஆதாயம் 15 அல்ல, 35. இருபது பங்குக்கு 700 டாலர். டாலர் 85 ரூபாய் என்றால் 59,500 ரூபாய்.

இந்திய வருமான வரிச் சட்டத்தின் கண்ணில் இது சம்பளம். பங்கு உங்கள் கணக்குக்கு வந்ததுமே வரி உண்டு. விற்றீர்களா இல்லையா என்பது பொருட்டல்ல. 30 சதவீத வரம்பில் இருந்தால், செஸ்ஸோடு சேர்த்து 18,564 ரூபாய் டிடிஎஸ்ஸாகப் போகும். அந்த மாதச் சம்பளம் குறைவாக வந்தால் முதலில் பேஸ்லிப்பைப் பாருங்கள்.

இதுவரை நிறுவனமே பார்த்துக்கொள்ளும். சிக்கல் விற்கும்போதுதான். அமெரிக்கத் தரகரின் அறிக்கையில் வாங்கிய விலை 85 என்றே இருக்கலாம். ஆறு மாதம் கழித்து 130 டாலருக்கு விற்றால், லாபம் பங்குக்கு 45 என்று அது காட்டும். அதை அப்படியே ரிட்டர்னில் போட்டால், ஏற்கெனவே வரி கட்டிய 35 டாலருக்கு மறுபடியும் கட்டுகிறீர்கள். டாலர் மதிப்பு மாறவில்லை என்றால், இன்னொரு 18,564 ரூபாய் வீண்.

சட்டப்படி உங்கள் அடக்கவிலை, சம்பள வரிக்கு எடுத்துக்கொண்ட சந்தை மதிப்பான 120. லாபம் 10 டாலர் மட்டுமே. 110க்கு விற்றால் கையில் பணம் மிஞ்சினாலும் கணக்கில் 10 டாலர் நஷ்டம்! அதைக் கெடுவுக்குள் ரிட்டர்னில் காட்டினால், எட்டு ஆண்டு வரை மற்ற மூலதன ஆதாயத்தோடு கழித்துக்கொள்ளலாம்.

அந்த மதிப்பை இணையத்தில் தேட வேண்டாம். வெளிநாட்டில் மட்டும் பட்டியலான பங்குக்கு மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பிட்ட தொகையைத்தான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். அது சந்தை விலையிலிருந்து சற்று மாறலாம். பேரோல் பிரிவில் கேட்டு வாங்கி, ஒவ்வொரு தவணைக்கும் தனியாகக் குறித்து வையுங்கள்.

24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 சதவீத வரி. அதற்குள் விற்றால் உங்கள் வரம்பு வரி. விற்காமல் வைத்திருந்தாலும், ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணை எஃப்ஏவில் இந்தப் பங்குகளைக் காட்டியே ஆக வேண்டும்.